ஆட்சி மாறினால் பொருளாதாரம் ஒரே வாரத்தில் மாறுமா? வாக்காளர் மனதில் கட்சி செய்யும் வேலை

2016 நவம்பரில் டொனால்ட் டிரம்ப் வெற்றி பெற்றதும் அமெரிக்கக் கருத்துக்கணிப்புகளில் ஒரு விநோதம் நடந்தது. அதுவரை "பொருளாதாரம் மோசம்" என்று சொல்லிவந்த குடியரசுக் கட்சி ஆதரவாளர்களில் பலர், சில வாரங்களுக்குள் "நன்றாகிக்கொண்டிருக்கிறது" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்கள் எதிர்த்திசையில் நகர்ந்தார்கள். அப்போது டிரம்ப் பதவியேற்கவே இல்லை. வேலையின்மையோ விலைவாசியோ அந்த வாரங்களில் பெரிதாக நகரவும் இல்லை. 2020இல் பைடன் வென்றபோது இதே ஊசல் மறுபக்கம் ஆடியது, 2024இல் மறுபடியும் திரும்பியது.

இதில் தலைவர்களின் பங்கையும் சொல்லவேண்டும். தேர்தல் பிரசாரத்தில் அரசின் வேலையின்மைக் கணக்கைப் போலி என்று திட்டியவர் டிரம்ப். 2017 மார்ச்சில் வேலையின்மை 4.7 சதவீதம், புதிய வேலைகள் 2,35,000 என்று அதே அரசுத் துறை, அதே முறையில் கணக்கிட்டு வெளியிட்டது. அதைப் பற்றிக் கேட்டபோது, "முன்பு அது போலியாக இருந்திருக்கலாம், இப்போது நிஜம்" என்று அதிபர் சொன்னதாக வெள்ளை மாளிகைச் செய்தித் தொடர்பாளர் ஷான் ஸ்பைசர் சொன்னார். அறையில் இருந்த பத்திரிகையாளர்கள் சிரித்தார்கள்.

இதைப் படிப்பவருக்கு உடனே எழும் கேள்வி: இவர்களுக்கு உண்மையிலேயே அப்படித்தான் தெரிகிறதா, இல்லை சும்மா சொல்கிறார்களா? அரசியல் உளவியலில் கடந்த இருபது முப்பது வருடங்களாக நடக்கும் சண்டையின் மையமே இதுதான்.

## இது ஒரு கட்சியின் நோயா?

இல்லை. லாரி பார்ட்டெல்ஸ் என்ற அரசியல் அறிஞர் 2002இல் எழுதிய கட்டுரையில் ஒரு பழைய உதாரணத்தை எடுத்துக்காட்டினார். குடியரசுக் கட்சியின் ரீகன் ஆட்சிக்காலத்தில் அமெரிக்கப் பணவீக்கம் 13.5 சதவீதத்திலிருந்து (1980) 4.1 சதவீதத்துக்கு (1988) இறங்கியது. இதில் வாதத்துக்கு இடமே கிடையாது. ஆனாலும் 1988 தேர்தல் ஆய்வில், தீவிர ஜனநாயகக் கட்சியினரில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்த எட்டு வருடங்களில் பணவீக்கம் மோசமாகிவிட்டது என்றார்கள். "மிகவும் மேம்பட்டது" என்றவர்கள் 8 சதவீதம்தான்.

எட்டு வருடம் கழித்து இடம் மாறியது. ஜனநாயகக் கட்சியின் பில் கிளின்டனின் முதல் ஆட்சிக்காலத்தில் அரசின் நிதிப் பற்றாக்குறை பாதிக்கும் கீழே குறைந்தது. 1996இல் கேட்டபோது குடியரசுக் கட்சியினரில் பெரும்பாலோர் அது கூடிவிட்டது என்றார்கள்.

## மனதுக்குள் என்ன நடக்கிறது?

ஆய்வாளர்கள் இதற்கு வைத்த பெயர் "மோட்டிவேட்டட் ரீசனிங்". முடிவை முதலில் வைத்துக்கொண்டு அதற்குக் காரணம் தேடுவது என்று வைத்துக்கொள்ளலாம். 1990இல் ஸீவா குண்டா என்ற உளவியலாளர் எழுதிய கட்டுரைதான் இதன் அடித்தளம். யோசிக்கும்போது நமக்கு இரண்டு வகை நோக்கங்கள் இருக்கலாம் என்றார் அவர். ஒன்று, சரியான விடைக்குப் போய்ச் சேரவேண்டும் என்பது. மற்றொன்று, ஒரு குறிப்பிட்ட விடைக்குப் போய்ச் சேரவேண்டும் என்பது. இரண்டாவது வகை நோக்கம் தலையெடுக்கும்போது எந்த நினைவைக் கிளறுவது, எந்த ஆதாரத்தைச் சோதிப்பது, எங்கே நிறுத்துவது எல்லாமே அந்த விடைக்கு ஏற்றபடி அமைந்துவிடும்.

குண்டா சொன்ன இன்னொரு விஷயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆசைப்பட்டதையெல்லாம் மனிதர்களால் நம்பிவிட முடியாது. ஒரு நியாயமான ஆள் கேட்டால் ஒப்புக்கொள்ளும் அளவுக்குக் காரணம் கட்ட முடிந்தால்தான் நம்புவார்கள். தாம் நடுநிலையாகவே யோசித்தோம் என்ற எண்ணமும் கூடவே இருக்கும். அதனால்தான் இந்தச் சார்பு உள்ளேயிருந்து பார்ப்பவருக்குத் தெரிவதில்லை.

தாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளர் இதை இரண்டு கேள்விகளாகப் பிரித்தார். பிடித்த தகவல் வந்தால் மனம் "இதை நம்பலாமா?" என்று கேட்கிறது. ஒரே ஒரு சாதகமான ஆதாரம் கிடைத்தாலே போதும், நம்பலாம். பிடிக்காத தகவல் வந்தால் கேள்வி "இதை நம்பியே ஆகவேண்டுமா?" என்று மாறிவிடுகிறது. ஒரே ஒரு ஓட்டை கிடைத்தாலே போதும், நம்பவேண்டியதில்லை.

## ஒரு கணக்கு: களிம்பும் துப்பாக்கியும்

இது எப்படி வேலை செய்கிறது என்பதைத் துல்லியமாகக் காட்டும் சோதனை, டான் கஹான் குழு 2013இல் 1,111 அமெரிக்கர்களிடம் நடத்தியது. முதலில் ஒவ்வொருவருக்கும் எண்களைக் கையாளும் திறன் எவ்வளவு என்று அளந்தார்கள். பிறகு சிலரிடம் தோல் தடிப்புக்கான புதிய களிம்பு பற்றிய இந்த அட்டவணையைக் கொடுத்தார்கள்.

| | தடிப்பு குறைந்தது | தடிப்பு கூடியது |
|---|---|---|
| களிம்பு பூசியவர்கள் | 223 | 75 |
| பூசாதவர்கள் | 107 | 21 |

களிம்பு பலன் தருகிறதா, கெடுதல் செய்கிறதா? பார்த்தவுடன் கண்ணில் படுவது 223. அட்டவணையிலேயே பெரிய எண் அதுதான். "பலன் தருகிறது" என்று சொல்லத் தோன்றும்.

நிதானமாகக் கணக்குப் போட்டால் வேறு விடை வரும். பூசியவர்கள் மொத்தம் 298 பேர், அதில் 75 பேருக்குக் கூடியது. அது 25 சதவீதம். பூசாதவர்கள் 128 பேர், அதில் 21 பேருக்குக் கூடியது. அது 16 சதவீதம். ஆக, பூசியவர்களுக்குத்தான் நிலைமை மோசமாகியிருக்கிறது. பாதிக்கும் மேற்பட்டோர் இதில் தவறினார்கள். எண் திறன் உள்ளவர்கள் அதிகம் சரியாகச் சொன்னார்கள். இதுவரை வியப்பு ஒன்றுமில்லை.

வேறு சிலரிடம் அதே நான்கு எண்களைக் கொடுத்துத் தலைப்பை மட்டும் மாற்றினார்கள். களிம்புக்குப் பதில், பொது இடத்தில் மறைத்துத் துப்பாக்கி எடுத்துச் செல்வதைத் தடைசெய்த நகரங்களும் தடைசெய்யாத நகரங்களும். தடிப்புக்குப் பதில் குற்றங்கள். சிலருக்குக் கொடுத்த அட்டவணையில் சரியான விடை "தடை குற்றத்தைக் குறைக்கிறது", மற்றவர்களுக்கு "கூட்டுகிறது" என்று வரும்படி நெடுவரிசைத் தலைப்பையும் இடம் மாற்றி வைத்தார்கள்.

இப்போது கட்சி உள்ளே வந்தது. துப்பாக்கித் தடையை ஆதரிக்கும் ஜனநாயகக் கட்சித் தாராளவாதி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம், கணக்கிலும் கெட்டிக்காரர். அந்த 223 அவருக்குப் பிடித்த விடையைக் காட்டினால், பார்த்த மாத்திரத்தில் திருப்தியாகி அங்கேயே நிறுத்திவிடுகிறார். விடை தவறு. 223 பிடிக்காத விடையைக் காட்டினால், "இருக்கட்டும், பார்ப்போம்" என்று சதவீதத்தைக் கணக்கிடுகிறார். விடை சரி. குடியரசுக் கட்சிப் பழமைவாதிகளிடம் இதே கதை தலைகீழாக நடந்தது. கணக்குத் திறன் குறைந்தவர்களுக்கு இந்த வசதி இல்லை. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அவர்கள் முதல் எண்ணிலேயே நின்றுவிடுகிறார்கள். அதனால் இரு கட்சிகளுக்கும் இடையிலான இடைவெளி, திறமைசாலிகளிடம்தான் அதிகமாக இருந்தது.

"படித்தவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்" என்று இதைச் சுருக்கிச் சொல்வது இணையத்தில் பிரபலம். அது கொஞ்சம் அவசரமான முடிவு. 2021இல் வெளியான ஒரு மறுசோதனையில், கட்சிச் சார்பு விடையைக் கோணலாக்குவது மறுபடியும் தெரிந்தது. ஆனால் எண் திறன் கூடக்கூட அந்தக் கோணல் பெருகுகிறது என்ற பகுதிக்குப் போதிய ஆதரவு கிடைக்கவில்லை. கெட்டிக்காரத்தனம் ஒருவரைச் சார்பிலிருந்து காப்பாற்றுவதில்லை என்பது வரை உறுதியாகச் சொல்லலாம். அதற்கு மேல் சொன்னால் ஆதாரம் தாங்காது.

## நம்புகிறார்களா, கோஷம் போடுகிறார்களா?

கருத்துக்கணிப்பில் ஒருவர் தவறான விடை சொல்கிறார் என்றால் அதற்கு மூன்று விளக்கங்கள் இருக்கலாம்.

1. அவருக்கு விடை தெரியாது. அதனால் தன் கட்சிக்குச் சாதகமான பக்கம் ஊகிக்கிறார்.
2. அவர் அதை உண்மையாகவே நம்புகிறார்.
3. அவருக்கு விடை தெரியும். ஆனாலும் எதிராளிக்குப் புள்ளி கொடுக்க மனமில்லாமல் கட்சி விடையைச் சொல்கிறார்.

மூன்றாவது வகையைப் படம்பிடித்தது பிரையன் ஷாஃப்னர், சமந்தா லக்ஸ் இருவரின் ஆய்வு. 2017 ஜனவரியில் டிரம்ப் பதவியேற்பில் எவ்வளவு கூட்டம் என்று பெரிய சர்ச்சை ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சூட்டோடு இரண்டு புகைப்படங்களை மக்களிடம் காட்டினார்கள். ஒன்று 2009இல் ஒபாமா பதவியேற்பு, கூட்டம் நிரம்பி வழிந்தது. மற்றது 2017, வெள்ளையாகக் காலி இடங்கள் தெரிந்தன. எது யாருடையது என்று படத்தில் எழுதவில்லை. பாதிப் பேரிடம் கேட்ட கேள்வி: எந்தப் படத்தில் ஆட்கள் அதிகம்?

இதற்கு அரசியல் அறிவு தேவையில்லை, கண் இருந்தால் போதும். ஹிலாரி கிளின்டனுக்கு வாக்களித்தவர்களில் 2 சதவீதமும் யாருக்கும் வாக்களிக்காதவர்களில் 3 சதவீதமும் தவறாகச் சொன்னார்கள். கைதவறி அழுத்தியவர்கள் அவ்வளவு பேர் எந்தக் கணிப்பிலும் இருப்பார்கள். டிரம்புக்கு வாக்களித்தவர்களில் 15 சதவீதம் பேர், காலி இடம் உள்ள படத்தில்தான் ஆட்கள் அதிகம் என்றார்கள். கண்ணால் பார்ப்பதை இவர்கள் நம்பவில்லை என்று சொல்வது கடினம். எது யார் படம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கேள்வியை டிரம்பை ஆதரிக்கிறாயா என்ற கேள்வியாக எடுத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படியென்றால் மற்ற கணிப்புகளிலும் எவ்வளவு கோஷம் கலந்திருக்கும்? ஜான் புல்லக்கும் அவருடைய குழுவினரும் 2015இல் வெளியிட்ட ஆய்வில் காசு வைத்துப் பார்த்தார்கள். பொருளாதாரம், போர் பற்றிய உண்மைக் கேள்விகளில், சரியான விடைக்குச் சிறு தொகை தருகிறோம் என்றார்கள். கட்சிகளுக்கு இடையிலான இடைவெளி சுமார் 60 சதவீதம் குறைந்தது. "தெரியாது" என்று ஒப்புக்கொண்டாலும் கொஞ்சம் காசு உண்டு என்றதும் சுமார் 80 சதவீதம் குறைந்தது.

அந்த இரண்டாவது எண்ணைக் கவனிக்கவேண்டும். "தெரியாது" என்பதற்குக் காசு தந்ததும் இன்னும் ஒரு பெரிய துண்டு இடைவெளி காணாமல் போனது என்றால், அதுவரை உறுதியாகப் பேசியவர்களில் கணிசமானோர் முதல் வகை: தெரியாமல், கட்சிப் பக்கமாக ஊகித்தவர்கள். கருத்துக்கணிப்பில் "தெரியாது" என்று சொல்வது பலருக்குக் கூச்சம்.

கதை இங்கே முடியவில்லை. எரிக் பீட்டர்சன், சாந்தோ ஐயங்கார் இருவரும் பிறகு காசும் கொடுத்து, விடையைத் தேடிப் பார்க்கவும் இடம் கொடுத்துச் சோதித்தார்கள். அப்போதும் இடைவெளியின் பெரும்பகுதி அப்படியே நின்றது. தேடும்போதே தம் பக்கத்து ஊடகத்தைத்தான் பலர் திறந்தார்கள். கேள்வி எது, சர்ச்சை எவ்வளவு சூடானது என்பதைப் பொறுத்து மூன்று விளக்கங்களின் கலவை மாறுகிறது என்றுதான் இப்போதைக்குச் சொல்லமுடியும். "இன்ன கட்சிக்காரர்களில் 40 சதவீதம் பேர் இன்னதை நம்புகிறார்கள்" என்ற தலைப்பைப் பார்த்தால், அந்தக் கணிப்பில் "தெரியாது" என்ற தேர்வு இருந்ததா என்று முதலில் பார்ப்பது நல்லது.

## திருத்தினால் என்ன ஆகும்?

2010இல் பிரெண்டன் நைஹன், ஜேசன் ரீஃப்லர் இருவரும் ஒரு பயமூட்டும் முடிவை வெளியிட்டார்கள். இராக்கில் பேரழிவு ஆயுதங்கள் கிடைக்கவில்லை என்ற திருத்தத்தைப் படித்த பழமைவாதிகள், முன்பைவிட அதிகமாக ஆயுதங்கள் இருந்ததாக நம்பினார்கள். திருத்தம் எதிர்விளைவைத் தருகிறது என்ற இந்தக் கருத்து உலகம் முழுக்கப் பரவியது. உண்மையைச் சொல்வதே வீண் என்று பத்திரிகையாளர்கள் எழுத ஆரம்பித்தார்கள்.

தாமஸ் வுட், ஈதன் போர்ட்டர் இருவரும் 10,000க்கும் மேற்பட்டவர்களிடம் 52 விஷயங்களில் இதைச் சோதித்தார்கள். எதிர்விளைவு கிட்டத்தட்ட எங்குமே கிடைக்கவில்லை. தம் கட்சித் தலைவர் சொன்னது தவறு என்று காட்டினாலும் பெரும்பாலோர் சரியான தகவலின் பக்கம் கொஞ்சமாவது நகர்ந்தார்கள். பழைய முடிவை வெளியிட்ட நைஹனும் ரீஃப்லரும் இவர்களோடு சேர்ந்தே அடுத்த ஆய்வைச் செய்தார்கள். இந்தத் துறையில் இது பாராட்டவேண்டிய பழக்கம்.

அந்தக் கூட்டு ஆய்வில்தான் விஷயம் தெளிவானது. 2016 கட்சி மாநாட்டு உரையில், நாட்டில் குற்றம் பெருகிவிட்டது என்ற தோற்றத்தை டிரம்ப் கொடுத்தார். நீண்டகாலப் போக்கில் குற்றம் குறைந்திருக்கிறது என்ற புள்ளிவிவரத்தை அவருடைய ஆதரவாளர்களிடம் காட்டினார்கள். அவர்களும் எண்ணை ஏற்றுத் தங்கள் விடையைத் திருத்திக்கொண்டார்கள். டிரம்பைப் பற்றிய அபிப்பிராயம் மட்டும் அசையவில்லை. கட்சிச் சார்பின் வலுவான காவல் உண்மைத் தகவலின் வாசலில் இல்லை. தகவலுக்கும் தீர்ப்புக்கும் இடையே இருக்கிறது. "ஆமாம், அந்த எண் தப்புத்தான். அதனால் என்ன?" என்பதுதான் அதன் குரல்.

இந்தியாவிலும் ஒரு முக்கியமான சோதனை நடந்திருக்கிறது. 2019 மக்களவைத் தேர்தலின்போது சுமித்ரா பத்ரிநாதன் பிகாரில் 1,224 பேரை வைத்து ஆய்வு செய்தார். ஒரு பிரிவினரின் வீட்டுக்கே போய், பொய்ச் செய்தியைக் கண்டுபிடிப்பது எப்படி, ஒரு படம் எங்கிருந்து வந்தது என்று தேடுவது எப்படி என்று ஏறக்குறைய ஒரு மணிநேரம் சொல்லிக்கொடுத்தார்கள். அடுத்த சில வாரங்களில் சோதித்தபோது, மொத்தத்தில் பார்த்தால் பயிற்சியால் பொய்ச் செய்தியை இனங்காணும் திறன் கூடவில்லை. பாஜக ஆதரவாளர்களிடம், தம் கட்சிக்குச் சாதகமான பொய்ச் செய்திகளை இனங்காணும் திறன் பயிற்சிக்குப் பிறகு குறைந்தே போயிருந்தது. இந்திய வாக்காளருக்குக் கட்சிப் பிடிப்பு மேலோட்டமானது, சாதியும் வேட்பாளரும்தான் கணக்கு என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்ததற்கு இது ஒரு இடி.

## எல்லா வேறுபாடும் சார்புதானா?

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. ஒரே செய்தியைப் படித்து இருவர் வேறு முடிவுக்கு வந்தால், ஒருவராவது சார்பாக யோசித்தார் என்று ஆகிவிடாது. ஒரு பத்திரிகை பத்து முறை பொய் எழுதியதைப் பார்த்தவர், பதினொன்றாவது செய்தியைச் சந்தேகிப்பது நியாயமானதே. முன்பிருந்த அனுபவமும், செய்தி தருபவர் மீதுள்ள நம்பிக்கையும் வேறாக இருந்தால், நேர்மையாக யோசித்தாலும் முடிவு வேறாகும்.

பிறகு சார்பை எப்படி அடையாளம் காண்பது? முடிவைக் காட்டாமல் முறையை மட்டும் காட்டிக் கேட்கலாம். "இந்தக் கணிப்பு ஆயிரம் பேரிடம், இப்படித் தேர்ந்தெடுத்து நடத்தப்பட்டது. நம்பகமானதா?" அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டு, முடிவு தன் கட்சிக்குப் பாதகம் என்று தெரிந்த பிறகு "ஆயிரம் பேர் போதுமா?" என்று கேட்டால், சந்தேகம் முறையிலிருந்து பிறக்கவில்லை. முறை மாறாமல் தீர்ப்பு மாறியிருக்கிறது. ஸ்பைசர் சொன்ன வேலையின்மைக் கணக்கும் இதே ரகம்தான்.

## யதார்த்தம் எப்போது உள்ளே நுழைகிறது?

2008 கடைசியில் அமெரிக்க வங்கிகள் சரிந்தபோது ஆட்சியில் இருந்தவர் குடியரசுக் கட்சியின் புஷ். பொருளாதாரம் எப்படி என்று கேட்டால், அந்தக் கட்சி ஆதரவாளர்களிலும் பெரும்பாலோர் மோசமாகிவிட்டது என்றுதான் சொன்னார்கள். வேலை போகிறது, வீட்டின் மதிப்பு விழுகிறது என்றால் ஓட்டை தேடுவதற்கு அதிகம் இடமில்லை. ஆனாலும் எவ்வளவு மோசம், யார் பொறுப்பு என்ற கேள்விகளில் கட்சிகள் பிரிந்தே நின்றன. பொறுப்பு என்பது எண் கிடையாது, அதில் வளைக்க இடம் நிறைய.

டேவிட் ரெட்லாஸ்க் குழு 2010இல் வெளியிட்ட ஒரு பாவனைத் தேர்தல் சோதனை இதற்கு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. தமக்குப் பிடித்த வேட்பாளரைப் பற்றி மோசமான செய்திகள் கொஞ்சமாக வந்தபோது, ஆதரவாளர்களின் பிடிப்பு குறையவில்லை, கூடவே செய்தது. செய்திகள் தொடர்ந்து சேரச் சேர ஒரு கட்டத்தில் கலக்கம் வந்தது, அதன் பிறகு மதிப்பீடு இறங்கத் தொடங்கியது. ஆய்வகத்தில் இருந்த வேட்பாளர்கள் கற்பனை ஆட்கள், அவர்கள் மேல் பிடிப்பு சில நிமிடங்களில் உருவானது. அப்பா காலத்திலிருந்து ஒரே சின்னத்துக்கு வாக்களிக்கும் குடும்பத்தில் அந்தக் கட்டம் எங்கே வரும் என்பதை அந்தச் சோதனையால் அளக்க முடியாது.